தலைத்தோலை ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பதா, அமிலம் தடவுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராக வேலை செய்கிறேன். தலைக்குப் போடும் ஸ்க்ரப், சிலிக்கான் பிரஷ், சாலிசிலிக் அமில ஷாம்பூ ஆகியவற்றைப் பற்றித் தமிழில் என்னிடம் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால் வருகின்றன. உங்கள் தலையில் இருப்பது என்ன என்று தெரியாதவரை எதையும் தேய்க்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அதற்கான காரணங்களைப் பதில்களில் பார்க்கலாம்.

ஸ்க்ரப், பிரஷ், அமிலம் என்று மூன்று விதமாக விற்கிறார்கள். மூன்றும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன?

மூன்றும் தோலின் மேலடுக்கில் உள்ள இறந்த செல்களை அகற்றத்தான் விற்கப்படுகின்றன, ஆனால் அகற்றும் விதம் வேறு. ஸ்க்ரப்பில் உப்பு, சர்க்கரை, அரைத்த கொட்டை ஓடு போன்ற துகள்கள் இருக்கும். அவை உராய்வால் செதிலைப் பெயர்க்கின்றன. விரல் அழுத்திய இடத்தில் அதிகமாகப் பெயரும், மற்ற இடத்தில் ஒன்றும் நடக்காது. முகத்தில் தேய்க்கும்போது எங்கே சிவக்கிறது என்று கண்ணாடியில் பார்க்கலாம். தலையில் முடி மறைப்பதால் அந்த எச்சரிக்கை கிடைக்காது. உப்புப் பரல்களின் கூரான விளிம்பு கீறிவிட்டால், மறுநாள் வியர்வை பட்டு எரியும்போதுதான் தெரியவரும்.

அமிலங்கள் இறந்த செல்களைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துகின்றன. செதில் தானாக உதிர்ந்து நீரோடு போய்விடும். இவற்றில் தலைக்கு அதிகம் பயன்படுவது சாலிசிலிக் அமிலம். அது எண்ணெயில் கரையும் என்பதால், எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ள தலைத்தோலில் முடிக்குழியின் வாய்வரை போகும். கிளைக்காலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் நீரில் கரைபவை, தோலின் மேற்பரப்பிலேயே வேலை செய்பவை.

மென்மையான சிலிக்கான் பிரஷ் பெரிதாக எதையும் உரிப்பதில்லை. ஷாம்பூ நுரையை முடிக்கடியில் தோல்வரை கொண்டுபோவதே அதன் வேலை. அந்த அளவில் அது பயனுள்ள பொருள்தான்.

எனக்குத் தலையில் எந்தத் தொந்தரவும் இல்லை. வாரம் ஒருமுறை ஸ்க்ரப் போட்டால் நல்லதா?

தேவையில்லை. நலமான தோலின் மேலடுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் தானே முழுவதும் மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்வதை ஷாம்பூவும் தண்ணீரும் கழுவிவிடுகின்றன. ஸ்க்ரப்பால் ஓரளவு பயன் பெறக்கூடியவர்கள், உலர் ஷாம்பூ, ஜெல், மெழுகு போன்றவற்றைத் தினமும் போட்டு அவை தோலில் படிந்துபோனவர்கள். அவர்களுக்கும்கூட ஷாம்பூவை இரண்டுமுறை போட்டு அலசினாலே பெரும்பாலும் போதும்.

பொடுகு இருக்கிறது அக்கா. அழுத்தித் தேய்த்தால் போய்விடும் அல்லவா?

தேய்த்த அன்று போனதுபோல் இருக்கும், சில நாள்களில் திரும்பி வரும். பொடுகு அழுக்கு சேர்வதால் வருவதில்லை. மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லார் தலையிலும் வாழ்கிறது. அது நம் தோல் சுரக்கும் எண்ணெயை உடைத்து உண்கிறது, அதில் மிஞ்சும் ஒலியிக் அமிலம் தோலில் தங்கிவிடுகிறது. சிலருடைய தோல் அந்த அமிலத்தைத் தாங்காமல் அழற்சி அடைகிறது. அழற்சி வந்த தோல் அவசர அவசரமாகப் புதிய செல்களை உருவாக்கும். அவை முதிர்ந்து தனித்தனியாக உதிரும் முன்பே கொத்தாகப் பெயர்ந்து விழும். நாம் தோள்பட்டையில் தட்டிவிடும் வெள்ளைச் செதில் அதுதான்.

ஸ்க்ரப் அந்தச் செதிலை மட்டும் எடுக்கிறது. பூஞ்சை அங்கேயே இருக்கிறது, எண்ணெய் சுரந்துகொண்டே இருக்கிறது. போதாததற்கு, ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் தோலின் காப்பை உராய்வு இன்னும் பலவீனமாக்குகிறது. அப்போது அதே ஒலியிக் அமிலம் முன்பைவிட எளிதாக உள்ளே இறங்கும். தேய்க்கத் தேய்க்கப் பொடுகு கூடுகிறது என்று பலர் வருந்துவதற்கு இதுவே காரணம்.

செதிலைப் பார்த்தே ஓரளவு அடையாளம் காணலாம். கறுப்புத் துணியை விரித்து அதன்மேல் தலையைக் கோதிப் பாருங்கள். மாவுபோல நுண்ணியதாக, காய்ந்து, எண்ணெய்ப்பசை இல்லாமல் விழுந்தால் அது பெரும்பாலும் வறட்சி. நாள் முழுவதும் குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் இருந்துகொண்டு கடுமையான ஷாம்பூவைத் தினமும் போடுகிறவர்களிடம் இதைப் பார்க்கலாம். செதில் சற்றுப் பெரிதாக, மஞ்சள் கலந்து, விரலில் ஒட்டும் எண்ணெய்ப்பசையோடு, அரிப்பும் சேர்ந்து இருந்தால் அது பொடுகு அல்லது அதன் முற்றிய வடிவமான செபோரிக் டெர்மடைட்டிஸ். புருவத்திலும் மூக்கோரத்திலும் அதே செதில் இருந்தால் ஐயமே வேண்டாம். வெள்ளி நிறத்தில் தடித்து, ஓரம் தெளிவாகத் தெரியும் திட்டாக இருந்தால் அது வேறு கதை. அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் பொடுகுக்குச் சாலிசிலிக் அமிலம் போதுமா, கீட்டோகொனசோல் ஷாம்பூவும் வேண்டுமா?

சாலிசிலிக் அமிலம் செதிலைத் தளர்த்தும், பூஞ்சையைக் குறைக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. கீட்டோகொனசோல், சிங்க் பைரித்தியோன், செலினியம் சல்ஃபைடு ஆகியவை பூஞ்சையைக் குறைப்பவை. செதில் மெல்லியதாக இருந்தால் இந்த மூன்றில் ஒன்று மட்டும் போதும், அமிலமே தேவைப்படாது. செதில் தடித்துப் படிந்திருந்தால் பூஞ்சைக்கு எதிரான மருந்து தோலை எட்டாது. அந்த நிலையில்தான் சாலிசிலிக் அமிலம் வழியைத் திறந்துவிடுகிறது.

தடித்த பொடுகுக்கு நான் சொல்லும் முறை இது. முதல் வாரத்தில் சாலிசிலிக் அமிலம் 2 முதல் 3 விழுக்காடு உள்ள ஷாம்பூவை இரண்டு முறை போடுங்கள். செதில் மெலிந்ததும் கீட்டோகொனசோல் 2 விழுக்காடு ஷாம்பூவுக்கு மாறி, வாரத்துக்கு இரண்டு முறை வீதம் 2 முதல் 4 வாரம் தொடருங்கள். கட்டுக்குள் வந்தபின் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ போட்டாலே தடுத்துவைக்கலாம். நிறுத்திவிட்டால் பலருக்குத் திரும்பி வரும். பூஞ்சை நம்மோடு நிரந்தரமாக வாழ்வது என்பதால் அது மருந்தின் தோல்வி ஆகாது.

போட்டுத்தான் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. எப்படிப் போட வேண்டும்?

பெரும்பாலோர் முடிக்குப் போட்டு உடனே அலசிவிடுகிறார்கள். மருந்து வேலை செய்ய வேண்டிய இடம் தோல். தலையை நனைத்து, நீரை ஒற்றிவிட்டு, முடியை நான்கைந்து வகிடாகப் பிரித்து, ஒவ்வொரு வகிடிலும் ஷாம்பூவை விரல் நுனியால் தடவுங்கள். நகம் படக்கூடாது. நுரை வந்ததும் 5 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். அதற்குள் உடம்புக்குக் குளித்து முடித்துவிடலாம். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கண்டிஷனரை முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை போட்டால் போதும், தோலில் வேண்டாம்.

கழுவாமல் விட்டுவிடும் சீரம் வகையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பொறுங்கள். சிவக்கவில்லை என்றால் வாரம் ஒருமுறை என்று தொடங்கலாம். போட்டதும் ஓரிரு நிமிடம் லேசாகக் குறுகுறுப்பது இயல்பு. எரிச்சல் அதன்பிறகும் கூடிக்கொண்டே போனால் காத்திருக்காமல் கழுவிவிடுங்கள். கிளைக்காலிக் அமிலம் உள்ள சீரம் வெயிலில் தோல் எளிதில் கருகும்படி செய்யும். இங்கே நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடும் நாள்கள் உண்டு. அதைப் போடுகிறவர்கள் வகிடு வெயிலில் படாமல் தொப்பியோ குடையோ வைத்துக்கொள்ள வேண்டும்.

சீயக்காயும் வெந்தயமும் இயற்கையானவை. அவற்றால் தேய்த்தால் ஒன்றும் ஆகாது, இல்லையா?

உராய்வு எதனால் வந்தாலும் உராய்வுதான். சீயக்காயில் உள்ள சபோனின் என்ற பொருள் நுரைத்து அழுக்கை எடுக்கிறது, அது நல்ல குணம். ஆனால் தேக்காவில் பொட்டலமாக வாங்கும் தூளை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் சிலவற்றில் நார்போன்ற கரடுமுரடான துகள்கள் தட்டுப்படும். அதைத் தோலில் அழுத்தித் தேய்த்தால் கடையில் விற்கும் ஸ்க்ரப்புக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. பிடித்திருந்தால் தூளை மெல்லிய துணியில் சலித்து, வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டிய சாற்றை மட்டும் தலையில் ஊற்றுங்கள். ஊறவைத்த வெந்தயத்தையும் மைய அரைத்துப் பூசிக் கழுவலாம், தேய்க்க வேண்டாம்.

எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலசீசியாவுக்குக் கொழுப்பு அமிலங்கள்தான் உணவு, தேங்காய் எண்ணெயில் அவை நிறைய இருக்கின்றன. பொடுகு உள்ளவர் இரவெல்லாம் தேங்காய் எண்ணெயை ஊறவைப்பது பூஞ்சைக்குப் பரிமாறுவதுபோல் ஆகிவிடும். முடியின் நீளத்துக்குத் தடவுங்கள், தோலில் வேண்டாம். தீபாவளியன்று நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அன்றே அலசிவிடுவதால் கெடுதல் வராது, அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமும் இல்லை.

சிலிக்கான் பிரஷ்ஷைத் தினமும் பயன்படுத்தலாமா?

முனைகள் மழுங்கியதாகவும் உள்ளங்கையில் அழுத்தினால் வளைவதாகவும் இருந்தால், தலைக்குக் குளிக்கும் நாள்களில் பயன்படுத்தலாம். நீண்ட முடி உள்ளவர்கள் வட்டமாகச் சுழற்றினால் சிக்கு விழும். அதனால் ஓரிடத்தில் வைத்து லேசாக அசைத்துவிட்டு, எடுத்து அடுத்த இடத்தில் வையுங்கள். கடினமான பிளாஸ்டிக் முனை உள்ளவை வேண்டாம்.

நம் குளியலறைகள் ஈரமாகவே இருப்பவை. பிரஷ்ஷைக் கழுவி, முடிகளை எடுத்துவிட்டு, வெளியே காயவைக்காவிட்டால் வேரடியில் கறுப்பாகப் பூசணம் படியும். வீட்டில் எல்லாரும் ஒரே பிரஷ்ஷைப் பகிர்வதும் கூடாது. பேனும் தலைப்படையும் அவ்வழியே பரவக்கூடும்.

நெற்றியோரத்திலும் காதுக்குப் பின்னாலும் தடிப்பாக வெள்ளைச் செதில். கல்லுப்பு ஸ்க்ரப் போட்டேன், அன்றைக்கு வழவழப்பாக இருந்தது. இரண்டு வாரத்தில் முன்பைவிட அதிகமாகிவிட்டது. ஏன்?

இதைக் கேட்டவர் நாற்பது வயதைத் தாண்டியவர். அவர் சொன்னவற்றிலேயே விடை இருந்தது. செதில் முடியோடு நிற்காமல் நெற்றியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அதன் ஓரம் கோடு போட்டதுபோல் தெளிவாக இருந்தது. செதிலைப் பெயர்த்த இடத்தில் தோல் சிவந்து, ஊசிமுனை அளவில் சொட்டுச் சொட்டாக இரத்தம் கசிந்ததாகச் சொன்னார். விரல்களைக் காட்டச் சொன்னேன். இரண்டு நகங்களில் குண்டூசியால் குத்தியதுபோன்ற சிறு குழிகள் இருந்தன. இத்தனையும் ஒன்றாக இருந்தால் சொரியாசிஸ் என்று வலுவாகச் சந்தேகிக்க வேண்டும். மருத்துவரிடம் அனுப்பினேன், அவரும் அதையே உறுதிசெய்தார்.

சொரியாசிஸ் உள்ள தோலுக்கு ஒரு குணம் உண்டு. நலமாக இருக்கும் இடத்தில் கீறலோ உராய்வோ ஏற்பட்டால், அந்த இடத்திலேயே புதிய திட்டு முளைக்கும். 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த ஜெர்மன் தோல் மருத்துவர் ஹைன்ரிக் கோப்னரின் பெயரால் இதைக் கோப்னர் விளைவு என்கிறார்கள். பெரும்பாலும் காயம் பட்டு 10 முதல் 20 நாளுக்குள் திட்டு தெரியும். அவருடைய இரண்டு வாரக் கணக்கு அதோடு பொருந்துகிறது. உப்பு செதிலை எடுத்ததோடு நிற்காமல், சுற்றியிருந்த நல்ல தோலையும் கீறி நோய்க்கு இடம் கொடுத்துவிட்டது. இடைப்பட்ட நாள்களில் நன்றாக இருப்பதால்தான் ஸ்க்ரப்பின்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இந்தச் செதிலை ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த சாலிசிலிக் அமிலம் கலந்த எண்ணெயையோ களிம்பையோ இரவில் திட்டின்மேல் தடவி, துணித்தொப்பி போட்டுக்கொண்டு தூங்கி, காலையில் ஷாம்பூ போட்டு, தளர்ந்த செதிலை மட்டும் அகன்ற பல் சீப்பால் முடியின் போக்கிலேயே மெல்ல வழித்தெடுக்க வேண்டும். இழுத்தால் வராததை அன்று விட்டுவிட வேண்டும். பிடிவாதமாகப் பிய்த்தால் செதிலோடு முடியும் கொத்தாக வரும். செதில் மெலிந்தபின் தடவும் ஸ்டீராய்டு திரவம்தான் உண்மையான சிகிச்சை.

எனக்குச் சொரியாசிஸ் என்று தெரியும், சிகிச்சையிலும் இருக்கிறேன். சாலிசிலிக் அமில ஷாம்பூவைச் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்கலாம், ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மருந்தைத் தடவுகிறீர்கள் என்றால், சாலிசிலிக் அமிலம் பட்டதும் அந்த மருந்து செயலிழந்துவிடும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடக்கூடாது. அமில ஷாம்பூவைப் போட்டால் முழுவதும் அலசி, வேறு நேரத்தில் மருந்தைப் போடுங்கள்.

அடுத்தது ஒளிச்சிகிச்சை. சாலிசிலிக் அமிலம் புற ஊதாக் கதிரை ஓரளவு தடுத்துவிடும். சிகிச்சைக்குப் போகும் முன் அதைத் தடவிக்கொண்டு போனால் கதிர் தோலுக்குச் சரியாகப் போய்ச் சேராது. சிகிச்சை முடிந்தபிறகு தடவுங்கள். சிகிச்சையைத் தரும் தாதியரிடம் என்ன தடவுகிறீர்கள் என்பதைச் சொல்லிவையுங்கள்.

யார் யார் இவற்றைத் தொடவே கூடாது?

ஸ்க்ரப்பையும் கடினமான பிரஷ்ஷையும் முற்றிலும் தவிர்க்க வேண்டியவர்களில் மேலே சொன்ன காரணத்தால் சொரியாசிஸ் உள்ளவர்கள் முதலில் வருகிறார்கள். அடுத்து, தலையில் சீழ்க்கொப்புளமோ சொறிந்து உண்டான புண்ணோ உள்ளவர்கள். உராய்வு கிருமியை ஒரு முடிக்குழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். தலைப்படை உள்ளவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. முடி மாற்று அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள், புதைத்த முடி ஊன்றிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை தொடக்கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது முடிக்குழியையே அழித்துத் தழும்பாக்கும் நோய்கள் உள்ளவர்களைப் பற்றித்தான். லைக்கன் பிளானோபைலாரிஸ் அவற்றில் ஒன்று. அதன் தொடக்கத்தில் முடியின் அடியைச் சுற்றிச் சிவப்பும் சிறு செதிலும் எரிச்சலும் இருக்கும். பார்ப்பதற்குப் பொடுகுபோலவே தோன்றும். ஸ்க்ரப் போட்டுத் தேய்த்து மாதக்கணக்கில் காலம் கடத்தினால், அதற்குள் அழிந்த குழிகளில் முடி மறுபடி முளைக்காது. சிவப்பும் எரிச்சலும் உள்ள இடத்திலேயே முடி குறைந்து, தோல் வழவழவென்று துளைகளே தெரியாமல் ஆனால், தேய்ப்பதை அன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சாலிசிலிக் அமிலத்தைப் பொறுத்தவரை, ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது வேண்டாம், இரண்டும் ஒரே குடும்பம். கர்ப்பிணிகள் கழுவிவிடும் ஷாம்பூவுக்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது, தலை முழுவதும் ஊறவைக்கும் களிம்பைத் தாமாக எடுத்துப் போடக்கூடாது. எக்ஸிமா கொதித்திருக்கும் தலையிலும், வெடிப்போ ஈரக்கசிவோ உள்ள தோலிலும் எந்த அமிலமும் வேண்டாம்.

குழந்தைக்கு நான்கு மாதம். உச்சியில் மஞ்சளாகப் பக்குப் படிந்திருக்கிறது. எதைப் போட்டுத் தேய்க்கலாம்?

தேய்க்க வேண்டாம், அமிலமும் வேண்டாம். சிறு குழந்தையின் உடலளவுக்குத் தோலின் பரப்பு அதிகம். தோல் வழியே உறிஞ்சப்படும் சாலிசிலிக் அமிலம் இரத்தத்தில் கலந்து நஞ்சாக முடியும். பேபி ஆயிலைக் கொஞ்சம் தடவி, பக்கு நெகிழ்ந்ததும் குழந்தைகளுக்கான ஷாம்பூவால் கழுவி, மென்மையான குழந்தை பிரஷ்ஷால் வருடிவிடுங்கள். நகத்தால் பெயர்க்காதீர்கள். பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் தானாகப் போய்விடும்.

பள்ளி செல்லும் பிள்ளையின் தலையில் வட்டமாகச் செதிலும், அந்த இடத்தில் முடி வேரடியில் முறிந்து கறுப்புப் புள்ளிகளாகவும் தெரிந்தால் அது தலைப்படையாக இருக்கலாம். இந்தப் பூஞ்சை முடிக்குள்ளேயே இருப்பதால் உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துதான் தீர்க்கும். ஸ்க்ரப்போ ஷாம்பூவோ மட்டும் போதாது. வீட்டுப் பூனைக்கும் முடி கொட்டுகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தைப்பூசத்துக்கு மொட்டை போட்டேன். தலை சொரசொரப்பாக இருக்கிறது, ஸ்க்ரப் போடலாமா?

கத்தி பட்ட தோலில் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள் இருக்கும், மேலடுக்கின் ஒரு பகுதியைக் கத்தியே எடுத்திருக்கும். ஒரு வாரம், பத்து நாளுக்கு ஸ்க்ரப்பும் அமிலமும் வேண்டாம். மென்மையான ஷாம்பூவால் கழுவுங்கள், சந்தனம் பூசினால் காய்ந்ததும் சுரண்டாமல் நனைத்து எடுங்கள். வெயிலில் தொப்பி கட்டாயம். முடி முளைக்கும்போது கொப்புளமாக வந்தாலும் தேய்க்காதீர்கள். வலியோ சீழோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடி கொட்டுகிறது. ஸ்க்ரப் போட்டால் துளைகள் திறந்து முடி வளருமாமே?

வளராது. முடிக்குழிக்கு அடைப்பு ஏற்பட்டு முடி வெளியே வர முடியாமல் கொட்டுகிறது என்பது தவறான எண்ணம். வழுக்கைக்குப் பரம்பரையும் ஹார்மோனும் காரணம். காய்ச்சல், பிரசவம், திடீர் எடைக்குறைப்பு ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும் முடிக்கு அந்த அதிர்ச்சி காரணம். கடுமையான பொடுகை அடக்கினால் கொட்டுவது சிலருக்குச் சற்றுக் குறையலாம், அதற்கும் மேலே சொன்ன ஷாம்பூக்களே போதும்.

முடி வளரத் தலைத்தோலில் தடவும் மருந்தான மினாக்சிடில் போடுகிறவர்களிடம் இதை வற்புறுத்திச் சொல்வேன். தேய்த்துக் கீறிய தோலில் அதைப் போட்டால் எரியும். அது மட்டுமில்லாமல் அளவுக்கு மேல் உடலுக்குள் போகும். படபடப்போ தலைச்சுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அமில சீரத்தையும் மினாக்சிடிலையும் ஒரே வேளையில் போட வேண்டாம்.

சாயம் பூசும் முன் ஸ்க்ரப் போட்டால் நன்றாகப் பிடிக்குமா?

சாயம் பிடிக்க வேண்டியது முடியில், தோலில் இல்லை. கருநிறச் சாயங்கள் பலவற்றில் உள்ள பாராபினைலின் டயமின் ஒவ்வாமை உண்டாக்குவதில் பேர்போனது. மேலடுக்கை உரித்துவிட்டு அதைப் பூசுவது ஒவ்வாமைக்குக் கதவைத் திறந்துவிடும். சாயத்துக்கோ ரீபாண்டிங்குக்கோ முன்னும் பின்னும் ஒரு வாரம் ஸ்க்ரப், அமிலம் இரண்டையும் நிறுத்திவையுங்கள்.

இரண்டு மாதமாக ஸ்க்ரப், பிரஷ், அமில சீரம் மூன்றும் போடுகிறேன். இப்போது தலை காந்துகிறது, செதிலும் கூடியிருக்கிறது. இன்னும் வலுவானது வேண்டுமா?

வேண்டாம், எல்லாவற்றையும் இன்றே நிறுத்துங்கள். அளவுக்கு மீறி உரித்ததற்கான அடையாளங்கள் இவை: வெறும் தண்ணீரோ வியர்வையோ பட்டாலே எரிவது, தோல் இழுத்துப்பிடித்ததுபோல் இருப்பது, வகிடு சிவந்து பளபளப்பது, முன்பு எண்ணெய்ப்பசையோடு இருந்த செதில் இப்போது காய்ந்த பொடியாக விழுவது. இதைப் பொடுகு கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் தேய்ப்பவர்கள் சுழலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டு வாரம் வாசனை சேர்க்காத மென்மையான ஷாம்பூ, வெதுவெதுப்புக்கும் குறைவான நீர், விரல் நுனி. இவை மட்டும். சூடான காற்று உலர்த்தி வேண்டாம். எரிச்சல் அடங்கியபின் செதில் இன்னும் இருந்தால், மேலே சொன்ன கறுப்புத் துணிச் சோதனையைச் செய்து, தேவையான ஒரே பொருளை மட்டும் தொடங்குங்கள். நீர் கசிந்தாலோ மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அது கிருமித்தொற்றாக இருக்கலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? நேராகத் தோல் நிபுணரிடமே போகலாமா?

பூஞ்சைக்கு எதிரான ஷாம்பூவைச் சரியாக 4 வாரம் போட்டும் குறையாவிட்டால் போங்கள். ஓரம் தெளிவான திட்டு, திட்டுத்திட்டாக முடி உதிர்வது, சீழ், வலி, கழுத்தில் நெறிகட்டுவது ஆகியவை இருந்தால் 4 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போனால், தேவைப்பட்டால் அங்கிருந்தே மாண்டலே சாலையில் உள்ள தேசியத் தோல் நிலையத்துக்கு எழுதிக்கொடுப்பார்கள். அந்தப் பரிந்துரையோடு போனால் உதவித்தொகை பெற்ற கட்டணத்தில் பார்க்கலாம். தனியார் தோல் மருத்துவரிடம் நேராகப் போவதும் உண்டு, கட்டணம் கூடுதல்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முந்திய நாள் தலையைத் தேய்த்துச் செதிலையெல்லாம் எடுத்துவிடாதீர்கள். வெட்கப்பட்டுச் சுத்தம் செய்துகொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். மருத்துவர் பார்க்க வேண்டியதே அந்தச் செதிலைத்தான். பூஞ்சை என்று சந்தேகித்தால் அதைச் சுரண்டி ஆய்வுக்கு அனுப்பவும் வேண்டியிருக்கும். இதுவரை போட்ட ஷாம்பூ, சீரம், ஸ்க்ரப், எண்ணெய் எல்லாவற்றின் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எடுத்துப்போக முடியாவிட்டால் சேர்க்கைப் பொருள்களின் பட்டியல் தெரியும்படி படமெடுத்துக் காட்டுங்கள்.